பண்டாரவளையை முதல் நிரையில் எழுதினால்

தலவாக்கலையிலிருந்து பல்கலைக்கழக மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வடமேற்கு மூலை விதி செலவைப் பார்ப்பதே இல்லையே சேர், பிறகு ஏன் அதைப் படிப்பிக்கிறார்கள்?" நல்ல கேள்வி. ஒரு மரக்கறிக் கணக்கைப் போட்டே பார்ப்போம்.

மூன்று ஊர்களில் கரட் மூட்டைகள் இருக்கின்றன, மூன்று சந்தைகளுக்குப் போக வேண்டும். கட்டங்களில் இருப்பது மூட்டை ஒன்றுக்கான லொறிக் கூலி, ரூபாயில். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

| | கொழும்பு | கண்டி | தம்புள்ளை | இருப்பு |
|---|---|---|---|---|
| நுவரெலியா | 160 | 80 | 140 | 50 |
| வெலிமடை | 190 | 110 | 170 | 40 |
| பண்டாரவளை | 190 | 130 | 200 | 25 |
| தேவை | 30 | 50 | 35 | 115 |

இருப்பும் 115, தேவையும் 115. அதனால் இது சமநிலைக் கணக்கு.

வடமேற்கு மூலை விதி சொல்வது இதுதான்: கூலியைப் பாராமல், இடது மேல் மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எழுதக்கூடிய அளவை முழுதாக எழுதுங்கள். நுவரெலியாவில் 50 இருக்கிறது, கொழும்புக்கு 30 போதும். 30 எழுதியதும் கொழும்பு நிரல் முடிந்தது, வலப்பக்கம் நகருங்கள். நுவரெலியாவில் மீந்த 20 கண்டிக்கு. அந்த நிரை தீர்ந்தது, கீழே இறங்குங்கள். கண்டிக்கு இன்னும் வேண்டிய 30ஐ வெலிமடை தருகிறது, அதில் மீந்த 10 தம்புள்ளைக்கு. பண்டாரவளையின் 25ம் தம்புள்ளைக்கே. மொத்தக் கூலி 4800 + 1600 + 3300 + 1700 + 5000 = 16,400 ரூபாய்.

இப்போது எண் விழுந்த கட்டங்களைப் பென்சிலால் இணைத்துப் பாருங்கள். தேயிலை மலையில் வெட்டிய படிக்கட்டு மாதிரி, வலது, கீழ், வலது, கீழ் என்று இறங்கும். ஒவ்வோர் எண்ணும் ஒரு நிரையையோ நிரலையோ மூடுகிறது, கடைசி எண் மட்டும் இரண்டையும் சேர்த்து மூடுகிறது. ஆகவே 3 + 3 − 1 = 5 எண்கள். திரும்பி மேலே ஏறாததால் எங்கும் வளையம் விழாது. மாணவியின் கேள்விக்குப் பதில் இதுதான். அடுத்து இந்தத் திட்டத்தைத் திருத்தும்போது, ஒரு வெற்றுக் கட்டத்திலிருந்து புறப்பட்டு எண் உள்ள கட்டங்கள் வழியாக அங்கேயே திரும்பிவர ஒரேயொரு பாதை வேண்டும். படிக்கட்டு அதைத் தந்துவிடுகிறது.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. நுவரெலியாவில் 30 மூட்டைதான் இருந்து, மற்ற 20ம் வெலிமடையில் இருந்தால், முதல் எண்ணிலேயே நிரையும் நிரலும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். இரண்டையும் வெட்டினால் படிக்கட்டு உடையும். நிரையை மட்டும் வெட்டி, அடுத்த கட்டமான வெலிமடை–கொழும்பில் 0 எழுதுங்கள். அந்தச் சைபர் ஒரு படி, அதை அழிக்கக்கூடாது. கடைசியில் எண்களை எண்ணுங்கள்: ஐந்துக்குக் குறைந்தால் எங்கோ ஒரு படியை விட்டுவிட்டீர்கள்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. பண்டாரவளையைத் தூக்கி முதல் நிரையில் போடுங்கள். ஊரும் மாறவில்லை, கூலியும் மாறவில்லை. அதே விதிப்படி நிரப்பினால் பண்டாரவளையின் 25ம் கொழும்புக்கு, நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு 5, கண்டிக்கு 45, வெலிமடையிலிருந்து கண்டிக்கு 5, தம்புள்ளைக்கு 35. கூலி 4750 + 800 + 3600 + 550 + 5950 = 15,650. எழுதிய ஒழுங்கை மாற்றியதிலேயே 750 ரூபாய் குறைந்துவிட்டது. இதற்குக் கீழே இந்தக் கணக்கில் போகவே முடியாது.

காரணத்தை நான்கு கட்டங்களில் காணலாம். பண்டாரவளை–கொழும்பு 190, நுவரெலியா–கண்டி 80, கூட்டினால் 270. சந்தைகளை மாற்றி, பண்டாரவளை–கண்டி 130, நுவரெலியா–கொழும்பு 160 என்று அனுப்பினால் 290. புதிய ஒழுங்கில் அடுத்தடுத்த இரு நிரை, இரு நிரல் எதை எடுத்தாலும், இடது மேலிருந்து வலது கீழாகப் போகும் சோடி மற்றச் சோடியைவிடக் கூடுவதில்லை. மண் சுமக்கும் வழிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக்கூடாது என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் மோன்ஜ் 1781இல் கண்டதும் இதே கருத்துத்தான். அட்டவணை இப்படி அமைந்தால் வடமேற்கு மூலை விதி தருவதே மிகக் குறைந்த செலவு என்று 1963இல் அமெரிக்கரான அலன் ஹொஃப்மன் காட்டினார். இருப்பும் தேவையும் எப்படி மாறினாலும், சமநிலை இருக்கும்வரை அது பொருந்தும்.

கட்டங்களை நிரப்பவைத்து, கூட்டுத்தொகையோடு நிறுத்திவிடும் பரீட்சை வினாக்கள் இந்த இடத்தை மாணவருக்குக் காட்டுவதே இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

எல்லா அட்டவணைகளையும் இப்படி ஒழுங்குபடுத்த முடியாது. முடியாதபோது முதல் படிக்கட்டிலிருந்தே திருத்திக்கொண்டு போகலாம். நமது முதல் திட்டத்தில் பண்டாரவளை–கொழும்பு வெற்றுக் கட்டம். அங்கே ஒரு மூட்டை வைத்தால் படிக்கட்டு நெடுக மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும்: 190 − 160 + 80 − 110 + 170 − 200 = −30. மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். கழிபடும் கட்டங்களில் மிகச் சிறியது 25, ஆகவே 25 மூட்டை மாற்றலாம். 750 ரூபாய் குறைந்து, அதே 15,650க்கு வந்து சேர்கிறோம்.