வங்கி ‘அனுப்பலாம்’ என்கிறது, ஆனால் வரம்பில் அவ்வளவு மிச்சமில்லை

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது பற்றிக் கேட்க வருகிற எல்லோருக்கும் ஓர் எண் மட்டும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது: ஆளுக்கு வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர். அந்த எண்ணில் தவறில்லை. அதற்குள் எதெல்லாம் சேரும், எது திரும்பக் கணக்கில் ஏறாது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆடிட்டராக இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். அதனால் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்தத் திட்டத்தை வங்கிகளில் எல்ஆர்எஸ் என்பார்கள். 2004 பிப்ரவரியில் 25,000 டாலர் வரம்போடு தொடங்கியது. இரண்டு லட்சம் வரை ஏறி, ரூபாய் சரிந்த 2013 ஆகஸ்டில் 75,000 ஆக வெட்டப்பட்டு, 2015இல் 2,50,000 டாலர் ஆனது. விதிகள் மொத்தமும் 2016 ஜனவரி 1 தேதியிட்ட முதன்மை அறிவுறுத்தலில் இருக்கின்றன. அதில் அவ்வப்போது திருத்தம் செய்வார்கள். எனவே அதைப் படிப்பவர்கள் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரம்பு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டுக்கானது. ஆளுக்கு ஒன்று, மைனர் குழந்தைக்கும் தனியாக உண்டு, பணம் அனுப்ப வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் காப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். சுற்றுலா, அன்பளிப்பு, முதலீடு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு கிடையாது. எல்லாம் ஒரே கணக்கில் சேரும்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். என்னிடம் வந்த ஒருவருடைய விவரம் இது. அடையாளம் தெரியாதிருக்க எண்களை மாற்றியிருக்கிறேன். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் ஐரோப்பா போகத் தன் பெயரில் ஃபாரெக்ஸ் கார்டு எடுத்து 12,000 டாலர் ஏற்றினார். ஜூனில் கனடாவில் இருக்கும் மகளுக்கு அன்பளிப்பாக 60,000 டாலர் அனுப்பினார். ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குகள் வாங்க 1,20,000 டாலர் போனது. செப்டம்பரில், வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுடைய என்ஆர்ஓ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்குக்கு, 27 லட்சம் ரூபாய் மாற்றினார். அதுவும் அன்பளிப்புதான், இங்கே வீட்டு வேலைக்காக. நவம்பரில் அமெரிக்கப் பங்குகளில் ஒரு பகுதியை விற்று 80,000 டாலரை இந்தியாவுக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஜனவரியில் சந்தை இறங்கியது. மறுபடி 50,000 டாலர் அனுப்பிப் பங்கு வாங்க வேண்டும் என்று ஏ2 படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தார். “வங்கியில கேட்டுட்டேன் சார், இன்னும் 58,000 பாக்கி இருக்காம். அதுபோக நான் திருப்பிக் கொண்டுவந்த 80,000 வேற இருக்கு. தாராளமா போகும்” என்றார்.

வங்கி சொன்னது பொய்யில்லை. 2018 ஏப்ரலிலிருந்து இந்தத் திட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் வங்கிகள் அன்றாடம் ரிசர்வ் வங்கிக்குப் பதிவு செய்கின்றன. மற்ற வங்கிகளும் அதைப் பார்க்க முடியும். பான் எண்ணைப் போட்டால் நீங்கள் எந்த வங்கி மூலம் அனுப்பியிருந்தாலும் தெரிந்துவிடும். 12,000, 60,000, 1,20,000 மூன்றும் சேர்த்து 1,92,000. பாக்கி 58,000. திரையில் தெரிந்தது அதுதான்.

திரையில் தெரியாதது அந்த 27 லட்சம் ரூபாய். வெளிநாட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினரின் என்ஆர்ஓ கணக்குக்கு ரூபாயிலேயே அன்பளிப்பு தரலாம் என்று அறிவுறுத்தல் அனுமதிக்கிறது. ஆனால் அந்தத் தொகையும் கொடுப்பவரின் எல்ஆர்எஸ் வரம்புக்குள் சேரும் என்று அதே இடத்தில் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. எல்லாம் சேர்த்து வரம்பு தாண்டாமல் பார்த்துக்கொள்வது கொடுப்பவரின் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறார்கள். வங்கியின் பொறுப்பு என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நடைமுறையில் நாம் செல்போனில் இரண்டு தட்டுத் தட்டி மகன் கணக்குக்கு அனுப்புகிறோம். டாலர் எங்கும் கைமாறவில்லை, ஏ2 படிவம் கிடையாது, நோக்கக் குறியீடு கிடையாது. சாதாரண உள்நாட்டுப் பணமாற்றம் மாதிரியே போய்விடுகிறது. அதனால் அந்தப் பதிவேட்டில் ஏறாமலே போகலாம். ஏறாவிட்டாலும் விதிப்படி 30,000 டாலர் செலவாகிவிட்டது. அப்படியானால் அவர் ஏற்கெனவே 2,22,000 டாலர் பயன்படுத்தியிருக்கிறார். உண்மையான பாக்கி 28,000 மட்டும்.

சரி, திரும்பி வந்த 80,000? அது கணக்கிலேயே வராது. வரம்பு என்பது வெளியே போன பணத்தின் மொத்தக் கூட்டல். முதலீட்டை விற்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தாலும், ஏற்கெனவே பயன்படுத்திய வரம்பு திரும்பக் கிடைக்காது என்று அறிவுறுத்தல் தெளிவாகவே சொல்கிறது. வந்ததைக் கழித்துக்கொள்ள இடமில்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இன்னொன்று. அவர் அந்த 80,000 டாலரைக் கொண்டுவந்திருக்கவே வேண்டியதில்லை. பங்கை விற்ற பணத்தை 180 நாட்களுக்குள் வெளிநாட்டிலேயே மறுமுதலீடு செய்துவிட்டால் போதும். அதற்குப் புது வரம்பு எதுவும் செலவாகாது. 180 நாள் தாண்டியும் சும்மா கிடந்தால்தான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளோடு சேர்ந்து வந்த மாற்றம் இது. நவம்பரில் விற்ற பணம் ஜனவரியில் அங்கேயே இருந்திருந்தால், அவர் வாங்க நினைத்த பங்கை வாங்கியிருப்பார். யாரோ “வித்த பணத்தை உடனே இந்தியாவுக்குக் கொண்டுவரணும்” என்று சொன்னதைக் கேட்டு அவசரப்பட்டிருக்கிறார்.

அப்புறம் அவர் இரண்டு குறுக்கு வழிகளைச் சொன்னார். இந்த இரண்டையும் வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: “மனைவி பேர்ல வரம்பு முழுசா இருக்கு. அவங்க கணக்குலேருந்து என்னோட அமெரிக்கப் பங்குக் கணக்குக்கு அனுப்பிடலாமே?” முடியாது. குடும்பத்தினர் வரம்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த வரியில், வெளிநாட்டு வங்கிக் கணக்கு, முதலீடு போன்றவற்றுக்கு, அந்த உறுப்பினரும் அதில் கூட்டு உரிமையாளராக இருந்தால்தான் சேர்க்கலாம் என்று இருக்கிறது. அவருடைய பங்குக் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தது. ‘அன்பளிப்பு’ என்று போட்டு அனுப்பலாமா என்றால், அதற்கும் தடை உண்டு: இந்தியாவில் வசிக்கும் ஒருவர், இந்தியாவில் வசிக்கும் இன்னொருவரின் வெளிநாட்டுக் கணக்குக்கு இந்தத் திட்டத்தின் கீழ் அந்நியச் செலாவணியாக அன்பளிப்பு தர முடியாது. கணவன் மனைவிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது: மகளுக்கு அன்பளிப்பு என்று அனுப்பி, அவள் பெயரில் இவருக்காகப் பங்கு வாங்கி வைப்பது. மகளுக்குக் கொடுத்தால் அது மகளுடைய பணம். மனதுக்குள் ‘என் முதலீடு’ என்று வைத்துக்கொண்டு, ஏ2 படிவத்தில் S1302 என்று அன்பளிப்புக்கான குறியீட்டைப் போட்டுக் கையெழுத்திடுவது பொய் உறுதிமொழி. பங்கு முதலீட்டுக்கு S0001 என்று தனியே குறியீடு இருக்கிறது. வங்கி ஊழியர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தாலும் கையெழுத்து நம்முடையது. நோக்கக் குறியீட்டை ஒருமுறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். தவிர, அந்த வழியிலும் பணம் இவருடைய வரம்பிலிருந்துதான் போக வேண்டும். அது 28,000தான்.

சட்டப்படி செய்யக்கூடியது என்ன? அவர் பெயரில் 28,000 டாலர் அனுப்பலாம். மீதி 22,000 டாலருக்கு, மனைவி தன் பெயரிலேயே ஒரு பங்குக் கணக்கு தொடங்கி, தன் வங்கிக் கணக்கிலிருந்து, தன் பான் எண்ணில், தன் வரம்பில் அனுப்பலாம். அதற்கான ரூபாயைக் கணவர் இங்கேயே மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதில் தடையில்லை. மனைவிக்கு அதன்மேல் வரியும் இல்லை. ஆனால் அந்தப் பணத்திலிருந்து வரும் டிவிடெண்டும் லாபமும் வருமான வரிக் கணக்கில் கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். ரிசர்வ் வங்கி விதியில் அது மனைவியின் பணம், வரிக் கணக்கில் அதன் வருமானம் கணவருடையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரியான டிசிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கடைசி நேரத்தில் கையிருப்பு பற்றாமல் போவது இதனால்தான். ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு இது இல்லை. அதற்குமேல் அன்பளிப்பு, முதலீடு போன்றவற்றுக்கு 20 சதவீதத்தை வங்கி கூடுதலாகப் பிடிக்கும். இவர் 10 லட்சத்தை எப்போதோ தாண்டிவிட்டதால் 28,000 டாலருக்கு, அதாவது 25.20 லட்சம் ரூபாய்க்கு, 5.04 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மனைவிக்குத் தனி 10 லட்சம் இருப்பதால், 19.80 லட்சத்தில் மீதி 9.80 லட்சத்துக்கு மட்டும் 1.96 லட்சம். இது கூடுதல் வரியல்ல. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், முன்கூட்டி வரி கட்டும்போதும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கல்விக்கும் மருத்துவத்துக்கும் விகிதம் இதைவிட மிகக் குறைவு.

அன்று அவர் 50,000 டாலரையும் அனுப்பியிருந்தால்? வங்கிப் பதிவின்படி இடம் இருந்ததால் பணம் போயிருக்கும். 22,000 டாலர் வரம்பு மீறல் ஆகியிருக்கும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின் 13ஆம் பிரிவில், மீறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இப்படி ஏற்கெனவே தாண்டிவிட்டவர்கள், நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் ரிசர்வ் வங்கியிடம் காம்பவுண்டிங்குக்குத் தாங்களாகவே விண்ணப்பிக்க வழியிருக்கிறது. தவறை ஒப்புக்கொண்டு, அவர்கள் நிர்ணயிக்கும் தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளும் முறை அது.

என்ஆர்ஓ கணக்குக்கு ரூபாய் அனுப்புகிறவர்கள் அந்தத் தேதியையும், அன்றைய டாலர் மதிப்பையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரூபாய் அன்பளிப்பு நெருங்கிய உறவினருக்கு மட்டும்தான். கம்பெனிச் சட்டம் 2013 சொல்லும் பட்டியலில் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், மருமகள், மருமகன், உடன்பிறந்தவர்கள் எல்லாம் வருவார்கள். அக்கா மகள் வரமாட்டாள். அவளுக்கு அன்பளிப்பு தர விரும்பினால் ஏ2 படிவம் நிரப்பி வெளிநாட்டுக் கணக்குக்கு டாலராக அனுப்பலாம், அதுவும் அதே இரண்டரை லட்சத்துக்குள். என்னிடம் வந்தவர் கடைசியில் 28,000 டாலரை மட்டும் அனுப்பினார். மீதிக்கு மனைவி பெயரில் கணக்குத் திறக்காமல், ஏப்ரல் 1க்குக் காத்திருப்பதாக முடிவு செய்தார். கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.