விற்றுமுதல்: வீட்டிலிருந்து விற்பவருக்கு ஜிஎஸ்டி எண் எப்போது தேவை?

தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் முதலில் கேட்கும் கேள்வி, "கண்டுமுதல் எவ்வளவு?" என்பதுதான். களத்தில் தூற்றி அளந்த மொத்த நெல் அது. அறுப்புக் கூலி, உரக்கடன், குத்தகை எதையும் கழிப்பதற்கு முந்தைய கணக்கு. கண்டுமுதல் நிறைய இருந்தும் கையில் ஒன்றும் மிஞ்சாத வருடங்களை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

விற்றுமுதல் என்ற சொல்லும் அதே வார்ப்புதான். விற்று வந்த முதல், அதாவது விற்பனையால் வந்த மொத்தப் பணம். நாம் பேச்சில் டர்ன்ஓவர் என்கிறோம். சரக்கும் பணமும் கைமாறிப் புரள்வதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. 1939ல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தபோது, யார் வரி கட்ட வேண்டும் என்பதை ஆண்டு விற்றுமுதலை வைத்தே பிரித்தார்கள். இன்றைய ஜிஎஸ்டியும் அதையேதான் பார்க்கிறது. டர்ன்ஓவருக்கு வருமானம், லாபம், வரவு என்று ஆளுக்கொரு தமிழ்ச்சொல் போடுகிறார்கள், மூன்றும் தவறு. விற்றுமுதல் என்றே எழுதலாம், வணிகவரி வட்டாரத்தில் பழகிய சொல்தான்.

சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால்தான், எவ்வளவு விற்றால் ஜிஎஸ்டி எண் வாங்க வேண்டும் என்ற வரம்பு புரியும். பொறையாறில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை, அதிரசம் போட்டு விற்கும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். பலகாரம் மாதம் 70,000 ரூபாய்க்குப் போகிறது, வருடத்துக்கு 8.4 லட்சம். தீபாவளிக்குக் கூடுதலாக 2.1 லட்சம். அப்பளம் தனியாக 3 லட்சம். எண்ணெய், உளுந்து, அரிசி, கேஸ், ஆள்கூலி போக அவருக்கு நிற்பது 4 லட்சம் என்று வையுங்கள். அவருடைய விற்றுமுதல் அந்த 4 லட்சம் அல்ல, 13.5 லட்சம். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனாலும் அந்த 3 லட்சம் இந்தக் கூட்டலில் சேரும். சட்டம் கேட்பது மொத்த விற்றுமுதல். வரியுள்ள சரக்கு, வரியில்லாத சரக்கு இரண்டையும் சேர்த்த தொகை. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலும் அதில் அடங்கும். கணவர் தன் பான் எண்ணில் நடத்தும் கடை இதில் வராது.

அதே வருடம் அவருடைய ஃபோன்பே கணக்கில் 17 லட்சம் வந்திருக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய 1.5 லட்சமும், சீட்டு எடுத்த 2 லட்சமும் அதில் கலந்திருக்கும். அவை விற்றுமுதல் ஆகா. ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் பிரித்துக் காட்ட வேண்டியவர் அவர்தான். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வியாபாரிகளுக்கு யுபிஐ வரவைப் பார்த்தே வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு, அன்றாட விற்பனையை எழுத ஒரு நோட்டு, இவை இரண்டும் இருந்தால் அந்த மாதிரிக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம்.

சரி, வரம்பு எவ்வளவு? தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு வருடத்துக்கு 40 லட்சம். சேவையும் செய்தால் 20 லட்சம். வீட்டில் தையல் மிஷின் போட்டு அடுத்தவர் துணியைத் தைத்துக் கொடுப்பது சேவை. விசேஷத்துக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்பதும் சேவை. பலகாரக்கார அம்மா வளைகாப்புச் சமையலும் எடுக்க ஆரம்பித்தால், அவருடைய வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

13.5 லட்சம்தானே, கவலை இல்லை என்று தோன்றும். பொறையாறிலேயே விற்கும்வரை கவலை இல்லைதான். காரைக்கால்தான் சிக்கல். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், பாதி உறவுக்காரர்களும் அங்கேதான். ஆனால் வரிச் சட்டத்துக்கு அது வேறு மாநிலம், புதுச்சேரி. வரியுள்ள சரக்கை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 40 லட்ச வரம்பு அங்கே உதவாது. காரைக்கால் கடைக்கு இரண்டு டின் முறுக்கு பார்சல் போட்டாலும் இதுதான் விதி. காரைக்கால்காரர் பொறையாறு வந்து, வீட்டு வாசலில் காசு கொடுத்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனால் அது உள்ளூர் விற்பனை. அப்பளத்தை மட்டும் காரைக்காலுக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம், ஏனென்றால் அது வரியில்லாத சரக்கு. அங்கேயே குடியிருந்து விற்பவருக்கோ சரக்குக்கான வரம்பே வேறு. புதுச்சேரி 20 லட்சத்திலேயே நிற்கிறது.

கைவினைஞர்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. தலையாட்டி பொம்மை போல அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருளைச் செய்பவர், பான் எண்ணும், சரக்கு அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்லும் வைத்துக்கொண்டு, 20 லட்சம் வரை பதிவில்லாமலே வெளிமாநிலத்துக்கு அனுப்பலாம். முறுக்குக்கு அது இல்லை. ஆன்லைன் விற்பனைத் தளங்களில் போடுபவர்களுக்கும் 2023 அக்டோபர் முதல் தளர்வு இருக்கிறது: வரம்புக்குள் இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் சரக்கு விற்றால், முழுப் பதிவுக்குப் பதில் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

பதிவு என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உணவு விற்றால் உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். அதற்குக் கீழ்வரம்பே இல்லை, பத்து பாக்கெட் விற்றாலும் வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், கடன் வாங்க உதவும், கட்டாயம் அல்ல. இந்த இரண்டும் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஈடாகாது.

காரைக்கால் ஆர்டர் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால், பதிவுக்குக் கடமைப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் gst.gov.in தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக்கட்டணம் இல்லை. பான், ஆதார், போட்டோ, வங்கி விவரம், முகவரிக்கு வீட்டு வரி ரசீது அல்லது கரண்ட் பில் போதும். வீடு மாமியார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தால், தொழில் நடத்தச் சம்மதம் என்று அவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். வீட்டுத் தொழிலில் விண்ணப்பம் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். வரும் எண்ணில் 15 எழுத்து இருக்கும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து அவருடைய பான் எண்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். எண் வந்த நாளிலிருந்து உள்ளூர் முறுக்குக்கும் வரி போட்டாக வேண்டும். 40 லட்சம் அப்போது பேச்சிலேயே வராது. விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகும் தொகுப்பு வரித் திட்டமும், வெளிமாநிலத்துக்கு விற்பவருக்குக் கிடைக்காது. விற்பனையே இல்லாவிட்டாலும், கணக்குக் காட்டும் ரிட்டர்ன் போட வேண்டும். தவறினால் அந்த வெற்று ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். மாதம் 3,000 ரூபாய் காரைக்கால் ஆர்டருக்காக, உள்ளூரில் விற்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பலகாரத்தையும் வரிக்குள் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கிருந்து மாதம் 40,000, 50,000 என்று நிலையாக ஆர்டர் வந்தால், தயங்காமல் எண்ணை வாங்கிவிடலாம். வாங்கியபின் அந்த ஆர்டர் நின்றுபோனால் ரிட்டர்னை அப்படியே விட்டுவிடாமல், அதே தளத்தில் REG-16 படிவம் போட்டுப் பதிவை ரத்து செய்துகொள்ள வேண்டும்.