30 சதவீதம் காட்டும் செயலி உண்மையில் ஓய்வாக இருக்கிறதா?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "விளையாட்டு நொடிக்கு 45 ஃபிரேமைத் தாண்டுவதில்லை. டாஸ்க் மேனேஜரில் CPU என்னும் செயலியின் பயன்பாடு 30 சதவீதம்தான். அப்படியானால் குறை கிராபிக்ஸ் கார்டில்தானே? கோயம்புத்தூருக்குப் போய்ப் புதியது வாங்கிவிடலாமா?" அவர் அனுப்பிய படத்தில் கார்டின் பயன்பாடு 60 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பேருந்து ஏறும் முன் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் செயலி விளையாட்டின் நிலையைக் கணக்கிட்டு வரைவதற்கான கட்டளைகளைத் தயாரிக்கிறது. கார்டு அவற்றின்படி படத்தை வரைகிறது. இருவரில் மெதுவானவரே வேகத்தைத் தீர்மானிப்பார். செயலிக்கு 22 மில்லிநொடியும் கார்டுக்கு 13 மில்லிநொடியும் ஆகிறது என்று கொள்வோம். அப்போது நொடிக்கு 45 ஃபிரேம் வரும். கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் 9 மில்லிநொடி சும்மா காத்திருப்பதால் அதன் பயன்பாடு 59 சதவீதமாகத் தெரியும். மாணவரின் படமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

அப்படியானால் செயலி ஏன் 30 சதவீதம் என்கிறது? செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளே கோர்கள். அந்த எண் எல்லாக் கோர்களின் சராசரி. விண்டோஸ் கோர்களை 8 தருக்கச் செயலிகளாக எண்ணும் கணினியில் ஒரே ஒரு த்ரெட், அதாவது வரிசையாக ஓடும் ஒரு வேலைத் தொடர், மூச்சுவிடாமல் உழைத்தாலும் அதன் பங்கு 12.5 சதவீதம்தான், 30இல் மீதியெல்லாம் துணை வேலைகள். விளையாட்டின் முதன்மைத் த்ரெட்டில் ஒரு கணக்கின் விடை வந்த பிறகே அடுத்ததைத் தொடங்க முடியும் என்பதால், அதைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கடினம். டாஸ்க் மேனேஜரின் Performance பக்கத்தில் CPU வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து Change graph to என்பதில் Logical processors என்பதைத் தேர்ந்தெடுத்தால் எட்டுக் கட்டங்கள் தனித்தனியே தெரியும். அங்கேயும் ஒன்றுகூட நூறைத் தொடாமல் போகலாம். விண்டோஸ் அந்தத் த்ரெட்டை ஒரு நொடிக்குள் பலமுறை கோர் விட்டுக் கோர் மாற்றுகிறது. வரைபடமோ அந்த நொடி முழுவதற்குமான சராசரியைத்தான் வரைகிறது. நெருக்கடி எட்டாகப் பிரிந்து ஒளிந்துகொள்ளும் இந்த வித்தை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆகவே செயலியின் வரைபடத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல், கார்டின் வரைபடத்தைச் சாட்சியாக வைப்பதே நல்லது: அது 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் தடை கார்டில், நெடுநேரம் அதற்குக் கீழேயே கிடந்தால் பெரும்பாலும் செயலியில்.

"பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம், ஃபிரேம் வரம்போ, ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு பொருத்தும் வி-சிங்க்கோ இயங்கினால் இரண்டுமே ஓய்வாகத் தெரியும் என்பதுதான். அவற்றை நிறுத்திவிட்டு, விளையாட்டில் அதே இடத்தில் நின்றபடி, திரைத் தெளிவை 1920×1080 இலிருந்து 1280×720 ஆகக் குறைத்துப் பார்க்க வேண்டும். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். ஃபிரேம்கள் கணிசமாக ஏறினால் குறை கார்டில். மாணவர் சோதித்தபோது 45 என்பது 46 ஆனது. கார்டின் பயன்பாடோ 35 சதவீதத்துக்கு இறங்கியது.

புதிய கார்டு வாங்கினால் அதுவும் காத்துத்தான் கிடக்கும். கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தொலைவு போன்று செயலியை வாட்டும் அமைப்புகளை அவர் குறைக்கலாம். திரைத் தெளிவைப் பழையபடி 1920×1080 க்கே உயர்த்திக்கொள்ளலாம், அதனால் ஃபிரேம் குறையாது.