2775ஐப் பன்னிரண்டால் வகுத்த பிறகு

அக்கரைப்பற்றுப் பக்கத்தில் இவ்வாண்டு முதற்றடவையாக உயர்தர இணைந்த கணித வகுப்பைப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "பல்லுறுப்பிகளை வகுக்கும் முறையைத் திங்கட்கிழமை படிப்பித்தால் புதன்கிழமை பிள்ளைகளுக்கு அது நினைவில் இல்லை, சேர். எண் வகுத்தலோடு இணைத்துப் படிப்பியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி இணைப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை." படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் பல ஆண்டுகள் இதே பாடத்தோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகளுக்கான திட்டத்தைச் சொல்கிறேன்.

முதற் பாடவேளையில் x என்ற எழுத்தே கரும்பலகைக்கு வர வேண்டாம். 2775ஐ 12ஆல் வகுக்கச் சொல்லி, ஒரு மாணவரை வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம். 27இல் 12 இரண்டு முறை, மீதி 3. 7ஐ இறக்கினால் 37, அதில் மூன்று முறை, மீதி 1. 5ஐ இறக்கினால் 15, அதில் ஒரு முறை, மீதி 3. ஈவு 231. இதை எல்லாப் பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். அதன் பிறகு, "முதலில் எழுதிய 2 உண்மையில் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். அது இருநூறு என்பதும், நாம் 24ஐ அல்ல 2400ஐக் கழித்தோம் என்பதும், "இறக்குதல்" என்பது எங்கிருந்தோ ஓர் இலக்கத்தைக் கொண்டுவருவதல்ல, அதுவரை தொடாமல் வைத்திருந்த பகுதியைக் கணக்கில் எடுப்பதே என்பதும் அப்போதுதான் வெளியே வரும். தரம் ஐந்திலேயே வகுக்கப் பழகிய பிள்ளைகளில் பலருக்கு இடப்பெறுமானம் அந்த இடத்தில் தொலைந்துபோயிருக்கும்.

இப்போது 2775ஐ 2·1000 + 7·100 + 7·10 + 5 என்றும், 12ஐ 10 + 2 என்றும் விரித்தெழுதி, பத்து நிற்கும் இடமெல்லாம் x ஐ வைத்தால், 2x³ + 7x² + 7x + 5 ஐ x + 2 ஆல் வகுக்கும் கணக்கு தானாகவே வந்து நிற்கிறது. எண் கணக்கை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இதைச் செய்ய வேண்டும். ஈவு 2x² + 3x + 1, மீதி 3. பக்கத்தில் 231, மீதி 3. முதற் பாடவேளை இத்துடன் முடியலாம்.

பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால், எண்ணும் பல்லுறுப்பியும் ஒன்றுபோல நடந்துகொண்டதற்குக் காரணம் நாம் எண்களைப் பார்த்துப் பொறுக்கியதே. அவை எங்கே பிரிகின்றன என்பதுதான் எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம். இரண்டாம் பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுப்பேன்.

1036ஐ 12ஆல் வகுக்க வேண்டும். 103இல் 12 எத்தனை முறை? 12இன் முதல் இலக்கமான 1ஐ மட்டும் பார்த்தால் பத்து முறை போகும் போலிருக்கிறது. ஆனால் 120 கூடிவிடும். ஒன்பது முறை என்றால் 108, அதுவும் கூட. எட்டு என்றால் 96, சரி. இவ்வாறு ஊகித்துக் குறைத்துக்கொண்டு வர வேண்டியிருப்பது ஏன்? எண்களில் பத்து ஒன்றுகள் சேர்ந்தால் ஒரு பத்தாகிவிடும். அதனால் ஒரு நிரல் மற்றொன்றிடம் கடன் வாங்கலாம், கடன் கொடுக்கலாம். x என்பது எத்தனை என்று தெரியாதபோது எத்தனை x² சேர்ந்தால் ஒரு x³ ஆகும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே நிரல்களுக்கிடையில் கொடுக்கல் வாங்கலே இல்லை. ஊகமும் இல்லை, முதல் உறுப்பை முதல் உறுப்பால் வகுத்தால் போதும். எண் வகுத்தலை விடப் பல்லுறுப்பி வகுத்தல் இலகுவானது என்று நான் சொல்லும்போது பிள்ளைகள் நம்புவதில்லை, ஆனால் அது உண்மை. கடன் வாங்க முடியாததற்கு ஒரு விலை உண்டு: குணகங்கள் மறையாகவும் வரும். 1036இலும் 12இலும் பத்துக்குப் பதிலாக x ஐ வைத்து, x³ + 3x + 6 ஐ x + 2 ஆல் வகுத்தால் அது தெரியும்:

```
x³ + 0x² + 3x + 6
x³ + 2x²
   − 2x² + 3x
   − 2x² − 4x
           7x + 6
           7x + 14
              − 8
```

ஈவு x² − 2x + 7, மீதி −8. இதில் x = 10 எனப் பிரதியிட்டால் ஈவு 87, மீதி −8 என வருகிறது; எண் வகுத்தலிலோ ஈவு 86, மீதி 4. வகுப்பில் கட்டாயம் யாராவது "பிழை, சேர்" என்பார்கள். 87 × 12 = 1044, அதிலிருந்து 8 போனால் 1036; இரண்டும் சரிதான். 87இலிருந்து ஒரு பன்னிரண்டைத் திருப்பிக் கொடுத்தால் −8 ஆனது 4 ஆகிவிடும். எண்களில் மீதி பூச்சியத்துக்கும் வகுக்கும் எண்ணுக்கும் இடையில் இருக்க வேண்டும். பல்லுறுப்பிகளில் மீதியின் படி வகுக்கும் கோவையின் படியை விடக் குறைவாக இருந்தால் போதும், அதன் பருமனைப் பற்றி எவரும் கேட்பதில்லை. x = 1 எனப் போட்டால் 10 = 3 × 6 − 8 என்று வரும்; மூன்றால் வகுக்கும்போது எட்டு மீதியா என்று கேட்கத் தோன்றும், ஆனாலும் சமன்பாடு பொய்யாகவில்லை.

0x² ஐ எழுதாமல் விடுவது முதற்பெரும் பிழை. ஒருமுறை ஒரு மாணவனின் கொப்பியில் 1, 3, 6 என்ற குணகங்கள் மட்டும் நெருக்கமாக நின்றன; ஈவில் 1, 1, மீதி 4. அவன் உண்மையில் வகுத்தது 136ஐ. 136ஐ 12ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 4. "1036ஐ எழுதும்போது பூச்சியத்தை விடுவாயா?" என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அழித்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்-சமவல் என்ற கணிதவியலாளர் பல்லுறுப்பிகளின் குணகங்களை அட்டவணை நிரல்களில் வைத்தே வகுத்தார். நிரல் என்பது அலங்காரமல்ல, இடப்பெறுமானமே அதுதான். கட்டம் போட்ட கொப்பியில் செய்யச் சொல்வதும் இதனாலேயே.

மற்றப் பிழை கழித்தலில் வரும். 3x இலிருந்து −4x ஐக் கழித்தால் 7x. ஆனால் அவசரத்தில் −x என்று எழுதுவார்கள். அப்படிச் செய்தால் ஈவு x² − 2x − 1, மீதி 8 என்று முடியும். x = 0 எனப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு; இங்கே அது −2 + 8 = 6 என்று வந்து, பிழையான விடையைச் சரியென்று சொல்லிவிடும். x = 10 எனப் போட்டால் 79 × 12 + 8 = 956; வர வேண்டியது 1036, குறைவது 80. எண்பது என்றால் பத்தின் நிரலில் எட்டு. எட்டு என்றால் நான்கின் இருமடங்கு. அந்த நிரலில் 4x இன் குறி மாறிவிட்டது என்பதை இந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கிறது. "மைனசும் மைனசும் பிளஸ்" என்று மந்திரம்போல் சொல்லிக் கொடுப்பதை விட, கழிக்க வேண்டிய வரியை அடைப்புக்குறிக்குள் எழுத வைத்து, பிழை எந்த நிரலில் நடந்தது என்று இப்படித் தேட விடுவதே நல்லது என்பது என் கருத்து. குணகங்களை மட்டும் வைத்துச் செய்யும் குறுக்குவழியை ரியூசன் வகுப்பில் முதலிலேயே கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் வாய்ப்பதில்லை.

வீட்டுவேலைக்கு x² + 1 ஐ 2x + 1 ஆல் வகுக்கக் கொடுக்கலாம். ஈவு ½x − ¼, மீதி 5/4. மறுநாள் வந்து, "பத்தைப் போட்டால் 101ஐ 21ஆல் வகுக்க வேண்டும், ஈவு 4, மீதி 17, ஆனால் எங்களுக்கு 4.75 வருகிறதே" என்று முறையிடுவார்கள். 4.75 × 21 = 99.75, அத்துடன் 1.25ஐக் கூட்டினால் 101. எண்களின் இலக்கம் முழுவெண்ணாக இருந்தாக வேண்டும், குணகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.