மொட்டை மாடியிலும் தகரக் கூரையிலும் சோலார் பலகைகளைப் பிடித்து நிறுத்துவது எது?

சோலார் பலகைக்கான தாங்கு சட்டத்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் எடையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நம் ஊர்களில் சட்டம் தோற்றுப்போவது பாரத்தால் அல்ல, காற்று பலகைக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்குவதால்தான். கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரையும், கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் 39 மீட்டரையும் தருகிறது. வேகத்தை வர்க்கமாக்கி 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். சென்னையில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடைக்குச் சமம். கோவையில் சுமார் 93 கிலோ. வேகத்தில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு விசையில் பெரிதாகிவிடுகிறது. ஆகவே கோவையில் நிற்கும் சட்டத்தை அப்படியே சென்னைக்குக் கொண்டுவரக் கூடாது.

சென்னைக் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. 540 வாட் பலகைகள் ஆறு. மொத்தப் பரப்பு ஏறக்குறைய 15.5 சதுர மீட்டர். மாடியைப் புழங்க வேண்டும் என்பதால் ஆள் உயரத்துக்கு மேல் ஆறு கால்களில் சட்டம். காற்றழுத்தத்தில் எவ்வளவு பங்கு தூக்குவிசையாகிறது என்று சொல்லும் தூக்குவிசைக் கெழுவை எளிமைக்காக 1 என்று வைத்தால்கூட மேல்நோக்கிய விசை சுமார் 2,300 கிலோ. பலகைகளும் இரும்புச் சட்டமும் சேர்ந்து 320 கிலோ மட்டுமே. எஞ்சிய 2,000 கிலோவை ஆறு கால்களும் பிடித்தாக வேண்டும். ஒரு காலுக்குச் சராசரியாக 330 கிலோ. தெற்கு நோக்கிச் சாய்ந்த பலகையின் உயர்ந்த வடக்கு ஓரத்தில் காற்று நுழையும்போது பின்கால்களுக்கு இதைவிடக் கூடுதலாக வரும்.

அந்த வீட்டுக்கு வந்த விலைப்பட்டியலில், ஒவ்வொரு காலுக்கும் ஓரடி நீள, அகல, உயரமுள்ள கான்கிரீட் கட்டை ஒன்று தளத்தின்மேல் சும்மா வைக்கப்படும் என்றிருந்தது. அத்தகைய கட்டையின் எடை எழுபது கிலோவைத் தாண்டாது. எடையால் மட்டுமே நிறுத்துவதென்றால் முன்னூறு கிலோவுக்கு மேற்பட்ட கட்டைகள் வேண்டும். அவற்றைத் தளத்தின் நடுவில் வைக்காமல் விட்டத்துக்கு நேர்மேலே வைக்க வேண்டியிருக்கும். அதனால் கால்களைத் தளத்தோடு பிணைப்பதே சரி என்று முடிவு செய்தோம்.

பிணைப்பதில்தான் நம் வீடுகளுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. பழைய மாடிகளில் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு மூன்று அங்குலம்வரை இருக்கும், அதன்மேல் தட்டோடு. நான்கு அங்குல ஆங்கர் போல்ட்டை மேலிருந்து அடித்தால் அதன் பெரும்பகுதி அந்த அடுக்கிலேயே நின்றுவிடும். கையால் அசைத்துப் பார்த்தால் உறுதியாகத் தோன்றும். மேல்நோக்கி இழுத்தால் ஜல்லியோடு பெயர்ந்து வரும். துளையிடும்போது வெளிவரும் தூளைக் கவனியுங்கள்: சிவப்பாக வரும்வரை துரப்பணம் செங்கல் ஜல்லியில்தான் இருக்கிறது, சாம்பல் நிறமாக மாறும்போதுதான் கான்கிரீட்டைத் தொட்டிருக்கிறது.

ஆகவே கால் வரும் இடத்தில் மேல் அடுக்கை வெட்டி எடுத்து, தளத்தைக் கண்ணால் பார்த்த பிறகே துளையிட வேண்டும். துளையில் பசை நிரப்பிப் பொருத்தும் 12 மி.மீ. கெமிக்கல் ஆங்கருக்குக் கான்கிரீட்டுக்குள் ஏறக்குறைய 80 மி.மீ. ஆழம் தேவை. நம் தளங்கள் நான்கைந்து அங்குலமே இருப்பதால் மறுபக்கம் துளைத்துவிடாமல் ஆழத்தைக் குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். துளையைத் தூரிகையால் தேய்த்து, காற்றடித்து, மீண்டும் தேய்க்க வேண்டும். தூள் தங்கினால் பசை கான்கிரீட்டைப் பற்றாது. அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இந்த வேலைதான். பசை இறுகும் நேரம் முடிந்தபின் ஒன்றிரண்டு போல்ட்டுகளை இழுவிசைக் கருவியால் சோதித்து, பிறகு நீர்க்காப்புப் பூசி, கால்தட்டைச் சுற்றிக் கான்கிரீட் பீடம் வார்க்கலாம்.

தகரக் கூரையில் பலகையை ஷீட்டுக்கு இணையாகத் தாழ்வாகப் பொருத்துவதால் காற்றின் பிடி குறைகிறது. ஆனால் ஷீட்டின் கனம் அரை மி.மீ. அளவுதான். ஷீட்டை மட்டும் கடித்த திருகு ஒரு புயலில் துளையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஷீட்டை அடியிலிருந்து தாங்கும் குறுக்கு இரும்பான பர்லினில் திருகு இறங்க வேண்டும். ஏற்கெனவே ஷீட்டில் வரிசையாகத் தெரியும் திருகுகளே பர்லின் எங்கே ஓடுகிறது என்று காட்டிவிடும். பலகையைத் தாங்கும் ரெயிலைப் பர்லின்களுக்குக் குறுக்கே வைத்து, சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஷீட்டின் மேட்டுப் பகுதியில் ரப்பர் வாஷரோடு திருக வேண்டும். பள்ளத்தில் திருகினால் மழைநீர் இறங்கும். இறுகாமல் சுழன்றுகொண்டே இருக்கும் திருகு பர்லினைத் தவறவிட்டிருக்கிறது. கீழிருந்து பார்த்தால் அதன் முனை வெறுமனே தொங்குவது தெரியும்.

கூரையின் விளிம்பிலும் மூலைகளிலும் தூக்குவிசை மிகுதி என்பதால் அங்கே பலகை வைக்காமல் விடுவது நல்லது. பர்லினே துருப்பிடித்து, கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டமான டிரஸ்ஸோடு இணையும் பற்றவைப்பு உதிரத் தொடங்கியிருந்தால், முதலில் அதைச் சரிசெய்யாமல் எந்தத் திருகையும் இறக்க நான் சம்மதிப்பதில்லை.