உப்பிய மடிக்கணினி பேட்டரியைக் குத்தாமல் கழற்றுவது எப்படி?

மடிக்கணினியின் டச்பேடு ஒரு நாள் அழுத்தினால் உள்ளே போக மறுக்கும். சில நாள்களில், மேசைமீது வைத்தால் கணினி நான்கு கால்களிலும் நில்லாமல் ஆடத் தொடங்கும். பக்கவாட்டில் பார்த்தால் அடிமூடிக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய பிளவு தெரியும். நான்கைந்து ஆண்டுகளாகச் சார்ஜரிலேயே கிடந்த மெல்லிய 14 அங்குலக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கைவைக்கும் பகுதிக்கு அடியில் மூன்று தட்டையான செல்கள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. டச்பேடுக்கு நேர் கீழே இருக்கும் நடுச் செல் தலையணைபோல் உப்பியிருக்கிறது.

இந்த வகைச் செல்லுக்கு உலோக உறை கிடையாது. பிளாஸ்டிக் பூசிய அலுமினியத் தாளால் ஆன ஒரு பைக்குள், செப்புத் தகட்டில் பூசிய கிராஃபைட்டும் அலுமினியத் தகட்டில் பூசிய லித்தியம் கோபால்ட் ஆக்சைடும், இடையில் நுண்துளைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சவ்வுமாக அடுக்குகள் மடிக்கப்பட்டிருக்கும். அவற்றை நனைத்திருக்கும் மின்பகு திரவம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான்களால் ஆனது. செல் எப்போதும் முழு மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் இருந்தால் இத்திரவம் மெல்லச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, எத்திலீன், ஹைட்ரஜன் போன்ற வாயுக்களை உண்டாக்கும். வெளியேற வழியில்லாத அந்த வாயுதான் பையை உப்பவைக்கிறது.

வாயுதானே, ஊசியால் குத்தி இறக்கிவிட்டால் போதுமே என்று நினைப்பவர்கள் உண்டு. சிலர் அதைச் செய்தும் காட்டுகிறார்கள். அந்த ஊசிக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது, தடிமன் ஏறத்தாழ 10 முதல் 25 மைக்ரான் மட்டுமே உள்ள, அதாவது நம் தலைமயிரைவிட மெல்லிய அந்தச் சவ்வுதான். அது கிழிந்து அதன் இருபுறத்துத் தகடுகளும் ஒன்றையொன்று தொட்டால், அந்த ஒரே புள்ளியில் பெருமின்னோட்டம் பாய்ந்து சூடேறும். சூடு பரவி ஏறத்தாழ 130 டிகிரி செல்சியசை எட்டும்போது பாலிஎத்திலீன் சவ்வு உருகத் தொடங்குவதால், குறுக்குச்சுற்று செல் முழுவதும் விரியும். வெப்பநிலை இன்னும் ஏறினால் கோபால்ட் ஆக்சைடு ஆக்சிஜனை வெளியிடும். அதனால்தான் காற்றை அடைத்து இத்தீயை அணைக்க முடிவதில்லை. துளை சவ்வைத் தொடாமல் பையோடு நின்றாலும் தப்பித்ததாகாது. உள்ளே நுழையும் ஈரப்பதம் திரவத்திலுள்ள லித்தியம் உப்போடு வினைபுரிந்து, நச்சும் அரிப்புத் தன்மையும் கொண்ட ஹைட்ரஜன் ஃபுளோரைடை உண்டாக்கும்.

ஆகவே முதல் வேலை, உள்ளே இருக்கும் மின்னாற்றலைக் குறைப்பது. 50 வாட்-மணி பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகியிருந்தால் அதில் 1,80,000 ஜூல் இருக்கும். அது ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை 40 டிகிரிக்கும் மேலாக உயர்த்தப் போதும். உப்பலைக் கண்டவுடன் சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும், மறுபடி இணைக்கவே கூடாது. பேட்டரி சூடாகவோ வாசனையோடோ இல்லாமல் கணினியும் இயங்கினால், கண்ணெதிரே வைத்துக்கொண்டு சார்ஜ் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஓடவிட்டுப் பின் முழுவதுமாக அணைக்கலாம். தொட்டால் சுட்டாலோ, நகப்பூச்சு அகற்றும் திரவத்தைப் போன்ற இனிப்பு கலந்த நெடி வந்தாலோ அதற்கும் காத்திருக்கக் கூடாது. அந்தக் கணினியைத் திறக்கவும் கூடாது.

காற்றோட்டமான இடத்தில், தீப்பற்றாத தரையில் அல்லது கல் மேசையில் வேலை செய்ய வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, உலர்ந்த மணல் நிரம்பிய இரும்பு வாளி ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடிமூடியின் திருகாணிகள் பெரும்பாலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. அவை இருந்த வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வைப்பது நல்லது. நீளமான திருகாணியை மறுபடி மாட்டும்போது தவறான துளையில் இட்டால், அதன் முனை புதிய பேட்டரியையே குத்திவிடக்கூடும். உப்பிய செல் மூடியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருப்பதால், கடைசித் திருகாணி கழலும்போது மூடி திடீரென எழும்பும், கையிலுள்ள திருப்புளியும் வழுக்கும். ஒரு கையால் மூடியை லேசாகப் பிடித்துக்கொண்டு, எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் இது நேராது. மூடி திறந்ததும் முதலில் பேட்டரியின் இணைப்பானைப் பிளாஸ்டிக் நெம்பியால் கழற்ற வேண்டும். கம்பிகளைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன்பின் திருப்புளியை எட்டத்தில் வைத்துவிடலாம். திருகாணிகளால் மட்டும் பிணைக்கப்பட்ட பேட்டரியாக இருந்தால் அவற்றைக் கழற்றித் தூக்கியெடுப்பதோடு பெரும்பகுதி முடிந்துவிடும்.

நம் எடுத்துக்காட்டில் பசை இருக்கிறது. மிகவும் கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஒட்டிய செல்லை ஒரு மூலையிலிருந்து நெம்பினால் அது வில்லாக வளையும். வளையும்போது உள் அடுக்குகள் நசுங்கி, வெளியே எதுவும் கிழியாமலே சவ்வு சிதையலாம். ஹேர் டிரையரால் சூடேற்றிப் பசையை இளக்கும் வழக்கம் நல்ல பேட்டரிக்குச் சரிவரலாம். உப்பிய செல்லுக்கு வெப்பம் கூடவே கூடாது. 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை, ஊசி நீக்கிய சிரிஞ்சால் செல்லின் ஓரத்தில் சில துளிகள் விட்டு, திரவம் மெயின்போர்டு பக்கம் ஓடாதபடி கணினியைச் சற்றுச் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். அதுவும் தீப்பற்றும் பொருள்தான் என்பதால் அருகே நெருப்போ தீப்பொறியோ இருக்கக் கூடாது.

பிறகு, மூலைகள் உருட்டப்பட்ட பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை நுழைக்க வேண்டும். அட்டையின் அழுத்தம் எப்போதும் கணினியின் உலோகச் சட்டத்தின் மீதே இருக்க வேண்டும், செல்லின் அடிவயிற்றின் மீது அல்ல. அட்டையைச் சட்டத்தோடு படுக்கையாக வைத்து, நெம்பாமல், ரம்பம்போல் இடவலமாக மெல்ல நகர்த்தினால் பசை அறுபடும். பையின் ஒட்டுமடிப்புகளும், மின்முனைகள் வெளிவரும் மேல்விளிம்பும் பலவீனமானவை. அட்டையை அந்தப் பக்கத்திலிருந்து செலுத்தக் கூடாது. அட்டை தடைப்பட்டால் விசையைக் கூட்டாமல், இன்னும் சில துளி ஆல்கஹாலும் இன்னும் சில நிமிடமும் கொடுப்பதே முறை. உப்பாத ஓரச் செல்களை முதலில் விடுவித்து, நடுச் செல்லைக் கடைசியில் விடுவிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அப்போது மூன்றையும் ஒரே பலகைபோல் வளையாமல் தூக்கலாம்.

வேலை நடுவில் உஸ்ஸென்ற ஒலி கேட்டாலோ, உப்பியிருந்த பை சட்டெனத் தொய்ந்தாலோ, முன் சொன்ன நெடி எழுந்தாலோ பை துளைபட்டுவிட்டது என்று பொருள். புகை இல்லாவிட்டால் கணினியோடு சேர்த்து வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். புகை வந்துவிட்டால் கணினியை மறந்துவிட்டு அறையைவிட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். மணல் தீ பரவாமல் தடுக்குமே தவிர செல்லைக் குளிர்விக்காது. குளிர்விப்பதற்கு ஏராளமான தண்ணீரே உதவும். லித்தியம் நீரில் எரியுமே என்ற அச்சம் உலோக லித்தியம் கொண்ட வேறு வகைப் பேட்டரிகளுக்கே பெரிதும் பொருந்தும்.

பத்திரமாக வெளிவந்த பேட்டரியின் இணைப்பானை மின்காப்பு நாடாவால் சுற்றி, உலர்ந்த மணலில் புதைத்து, காற்றுப்புகாத மூடி போடாமல் வீட்டுக்கு வெளியே நிழலில் வைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால், நாம் இவ்வளவு பாடுபட்டுத் தவிர்த்த நசுக்கலைக் குப்பை லாரியின் அழுத்தும் எந்திரம் செய்துவிடும். இந்தியாவில் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. உப்பிய பேட்டரி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களது சேவை மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்திலோ நேரில் கொடுக்க வேண்டும்; கூரியரில் அனுப்பக் கூடாது.

புதியதைப் பொருத்துமுன், சட்டத்தில் ஒட்டியிருக்கும் பசைத் துணுக்குகளைத் துடைத்து, ஆல்கஹால் முழுதும் ஆவியாகும்வரை விட்டு, பேட்டரி உட்காரும் குழியில் திருகாணியோ உலோகத் துகளோ கிடக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்க வேண்டும். செல்லின் அழுத்தத்தால் டச்பேடு வளைந்திருக்காவிட்டால், இப்போது அது பழையபடி அழுந்தும்.