காசு வாய்க்குள் போகக் கூடாது

மேஜிக் காட்டுவதும் சொல்லித் தருவதும் என் தொழில். காட்பாடியில் வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு அப்பா போன் செய்தார். அவருடைய ஒன்பது வயதுப் பையன் காதுகுத்து விசேஷத்தில் காசை மறைத்துக் காட்டியிருக்கிறான். "இன்னொரு வாட்டி காட்டுடா" என்று மாமா கையைப் பிடித்துக்கொள்ள, பையன் பயந்து காசை வாயில் போட்டுவிட்டான். அது உணவுக்குழாயில் சிக்கி, ராத்திரியோடு ராத்திரியாக எண்டோஸ்கோப்பி செய்து எடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் என் காதுக்கு வந்த மூன்றாவது சம்பவம் இது.

"கை வேகமா இருந்தா போதும் சார்" என்று எல்லாப் பெற்றோரும் சொல்கிறார்கள். தயவுசெய்து இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வேகமாக அசையும் கையைத்தான் கண் முதலில் சந்தேகப்படும். வித்தை நடப்பது பையனின் பார்வையில். அவன் எங்கே பார்க்கிறானோ அங்கேதான் பாட்டியும் பார்ப்பார்.

காசை மறைக்க பிரெஞ்ச் டிராப் என்ற கைவித்தை போதும். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுங்கள். இடது உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் காசின் விளிம்பைப் பிடிக்கட்டும். வலது கை எடுக்க வரும்போது அதன் கட்டைவிரல் காசுக்கு அடியில் நுழையும், மற்ற விரல்கள் முன்னால் மறைக்கும். அந்த நொடியில் இடது கட்டைவிரலைத் தளர்த்தினால் காசு விரல்களின் அடிப்பகுதியில் விழுந்துவிடும். வலது கை காசை எடுத்ததுபோல் மூடிக்கொண்டு நகரும், பார்வையும் அதோடு போகும். இடது கை தானாகத் தொங்கி, பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுக்கப் போகும். காசு அங்கேயே தங்கிவிடும். பென்சிலால் தட்டி, வலது கையைத் திறந்தால் வெறுங்கை.

முதலில் காசை நிஜமாகவே பத்து முறை எடுத்துப் பழகட்டும், பதினோராவது முறை பொய்யாக எடுக்கட்டும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள். காசு விழும் நொடியில் பிள்ளைகள் தங்களை அறியாமல் கண் சிமிட்டுவார்கள், அதனால் தப்பு அவர்களுக்கே தெரியாது. போனில் படம்பிடித்துக் காட்டுங்கள். இடது கை விறைத்து நின்றால் அங்கேதான் காசு என்று ஊரே கண்டுபிடித்துவிடும். சொந்தக்காரர்கள் எதிரே உட்காரட்டும். பக்கத்திலும் பின்னாலும் யாரும் வேண்டாம்.

மறுபடி கேட்டால் காட்டக் கூடாது, வேறு வித்தைக்குப் போக வேண்டும். மாமாக்களே, சித்தப்பாக்களே, குழந்தையின் கையைப் பிடித்துத் திறக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வித்தை முடிந்ததும் காசைப் பெரியவர் வாங்கி வைக்க வேண்டும். மேஜிக் பெட்டிகளில் வரும் குட்டிக் காந்தங்களைத் தூக்கிப் போடுங்கள். இரண்டை விழுங்கினால் குடலையே ஓட்டை போட்டுவிடும்.

காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழமும் சோற்று உருண்டையும் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள், தொண்டையில் விரலை விடாதீர்கள். சாப்பிட ஒன்றும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.